பேரை மட்டும் மாற்றச் சொல்கிறார்கள்

கொடை மாதம் பிறந்துவிட்டால் எங்கள் கடைக்குப் படியேறி வருகிற பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான். “அண்ணாச்சி, போன வருச ஃப்ளெக்ஸுதான். தேதியையும் பேரையும் மட்டும் மாத்திக் குடுத்தாப் போதும்.” சொல்லிக்கொண்டே செல்போனை நீட்டுவார்கள். யாரோ எடுத்து யாருக்கோ அனுப்பி, குரூப் குரூப்பாகச் சுற்றித் தேய்ந்துபோன ஒரு படம் அதில் இருக்கும். “எல்லாம் ரெடியா இருக்கு, பத்து நிமிச வேலை” என்று அவர்களே நேரமும் குறித்துவிடுவார்கள்.

புதுத் தேதியையும் புதுப் பேரையும் அடிப்பது பத்து நிமிட வேலைதான். பழைய தேதியையும் பழைய பேரையும் எடுப்பதுதான் உண்மையான வேலை. அதை வேலை என்று ஒருவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. டிசைனுக்குக் காசு கேட்டால், “டிசைன்தான் ஏற்கெனவே இருக்கே, எழுத்தை அழிக்கிறதுக்கு எதுக்குக் காசு?” என்கிறார்கள். புதிதாக ஒரு பின்னணி போட்டுத் தருகிறேன், அதுதான் சீக்கிரம் முடியும் என்றால் முகம் சுருங்கிப்போகிறது. கமிட்டியில் எல்லாருக்கும் பழைய படம்தான் பிடித்திருக்கிறதாம். இந்த வழக்கைப் பல வருடமாக மனசுக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவையாவது முழுவதையும் சொல்லிவிட வேண்டும்.

சுவரில் ஒட்டிய போஸ்டரைக் கிழித்தால் அடியில் சுவர் இருக்கும். படத்தில் எழுத்தும் அப்படித்தான் ஒட்டியிருக்கிறது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. போட்டோஷாப்பில் வேலை நடக்கும்போது பின்னணி ஒரு லேயராகவும் எழுத்து இன்னொரு லேயராகவும் இருக்கும். எழுத்தைத் தூக்கினால் அடியில் வானம் இருக்கும். அந்தக் கோப்பு போன வருடம் போஸ்டர் போட்ட கடையின் கம்ப்யூட்டரில் கிடக்கிறது, அல்லது ஃபார்மட் அடித்தபோது போய்விட்டது. வாட்ஸப்பில் சுற்றுவது அதிலிருந்து எடுத்த ஜேபெக். அதில் லேயர் கிடையாது. ஒரு புள்ளிக்கு ஒரு நிறம்தான். சிவப்பு எழுத்து இருக்கிற இடத்தில் சிவப்பு இருக்கிறது. அந்த இடத்து வானம் எங்கேயும் இல்லை. ஆகவே நான் எதையும் அழிக்கவில்லை. இல்லாமல் போன வானத்தை, பக்கத்தில் மிச்சமிருக்கிற வானத்தைப் பார்த்துப் புதிதாக வரைகிறேன். அழிப்பதற்கு எதற்குக் காசு என்று கேட்கிறவர்களிடம் இதைத்தான் சொல்லிப் பார்க்கிறேன்.

எழுத்து இருந்த இடம் மட்டும் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுத்தைச் சுற்றியும் கெட்டுப்போயிருக்கும். ஜேபெக் படத்தை 8 பிக்ஸலுக்கு 8 பிக்ஸல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகச் சுருக்குகிறது. மெல்ல மெல்ல நிறம் மாறுகிற கட்டத்தைச் சுருக்குவது அதற்குச் சுலபம். ஒரு கட்டத்துக்குள் எழுத்தின் கூர்மையான ஓரம் ஒன்று வந்துவிட்டால், குறைந்த தகவலில் அந்த ஓரத்தைச் சொல்ல முடியாமல் திணறும். கட்டம் முழுக்கச் சின்னச் சின்ன அலைபோல அழுக்கு பரவும். நிறத்துக்கு இன்னும் மோசம். வெளிச்சத்தில் வரும் மாற்றத்தை நம் கண் கூர்மையாகப் பார்க்கும், நிறத்தில் வரும் மாற்றத்தை அவ்வளவாகப் பார்க்காது என்பதால், பெரும்பாலான ஜேபெக் கோப்புகளில் நிறத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கித்தான் சேமிக்கிறார்கள். நிறத்தின் ஒரு கட்டம் படத்தில் 16 பிக்ஸல் அகலத்தை மூடும். அதனால் மஞ்சள் வானத்தில் சிவப்பு எழுத்து இருந்தால், எழுத்துக்கு வெளியேயும் சிவப்பு கசிந்திருக்கும். ஒவ்வொரு முறை மறுபடி சுருங்கும்போதும் இந்த அழுக்கின் மேல் அழுக்கு ஏறும்.

செல்போன் திரையில் இது ஒன்றும் தெரியாது. நான் அடிக்க வேண்டியது செல்போன் அளவு இல்லையே. வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் பெரும்பாலும் நீளவாக்கில் 1600 பிக்ஸல் அளவுக்குச் சுருங்கித்தான் வந்து சேரும். அதைப் பத்தடி அகல ஃப்ளெக்ஸில் விரித்தால் 120 அங்குலத்துக்கு 1600 புள்ளி. ஒரு பிக்ஸல் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். கையளவு திரையில் கண்ணுக்கே தெரியாத 8 பிக்ஸல் கட்டம் ஃப்ளெக்ஸில் ஒன்றரை சென்டிமீட்டர் சதுரம். நிறம் கசிந்த கட்டம் மூன்று சென்டிமீட்டர். பழைய எழுத்தைச் சரியாக எடுக்காவிட்டால் அதன் ஓரம் முழுக்க இந்தச் சதுரங்கள் வரிசை கட்டி நிற்கும். எழுத்து போயிருக்கும், அது இருந்த தடம் அப்படியே இருக்கும்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கேட்டு வருகிறவர்களிடம் எனக்குப் பயம் வருவது இதனால்தான். வேறொரு வீட்டில் போன மாதம் அடித்த போஸ்டரைக் கொண்டுவந்து, “இதே மாதிரி, படத்தையும் பேரையும் மட்டும் மாத்தி, சாயங்காலத்துக்குள்ள வேணும்” என்பார்கள். துக்க வீட்டுக்காரர்கள், நேரமும் கிடையாது. அந்த அவசரத்தில் மேலோட்டமாக எழுத்தை எடுத்து அனுப்பினால், தெருமுனையில் வெயிலில் கட்டிய பிறகு இறந்தவரின் பெயருக்குப் பின்னால் வேறொருவரின் பெயர் மங்கலாகத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டேதான் பதினாறு நாளும் போய்வர வேண்டும். அந்த ஒன்றுக்காகவே, எழுத்தை எடுக்கிற வேலையை ஒழுங்காகச் செய்ய நேரம் கொடுங்கள் என்று மன்றாடுகிறேன்.

சமீபத்தில் வந்த ஒரு கொடை போஸ்டரை வைத்தே சொல்கிறேன். 1600க்கு 1280 பிக்ஸல் படம். அடிக்க வேண்டியது பத்தடிக்கு எட்டடி. மேல்பாதியில் ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்கு இறங்குகிற வானம்; அதில் அம்மன் பெயரும் கொடை விழா என்பதும் சிவப்பில், வெள்ளை ஓரம் கட்டி, அடியில் நிழல் விழ. நடுவில் கோயில் கோபுரம். கோபுரத்தின் குறுக்கே பாதி தெரிகிற மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. அதன்மேல் வெள்ளை எழுத்தில் விழாக்குழுவினர் பெயர்கள். அடியில் மெரூன் நிறப் பட்டை. அதில் தேதி, கிழமை, இவண் ஊர்ப் பொதுமக்கள். இந்த வருடம் பெயர்களையெல்லாம் கீழே கொண்டுபோக வேண்டும், கோபுரம் முழுசாகத் தெரிய வேண்டும் என்று கமிட்டியில் முடிவு.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பையன்கள் படத்தைத் திறந்ததும் பழைய எழுத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! முதலில் புது எழுத்தை அதன் இடத்தில், அதன் அளவில், ஓரமும் நிழலும் போட்டு வைத்துவிட வேண்டும். புது எழுத்துக்கு அடியில் மறைந்துபோகிற பழைய எழுத்தைச் சுத்தம் செய்யத் தேவையே இல்லை. பழைய தலைப்பும் புதுத் தலைப்பும் ஒரே இடத்தில் ஒரே பருமனில் வந்தால் பாதி வேலை அங்கேயே குறைந்துவிடும். வெளியே எட்டிப்பார்க்கிற பழைய எழுத்து எது என்று பார்த்து அதை மட்டும் எடுத்தால் போதும்.

மெரூன் பட்டையில் பெரிய சங்கடம் இல்லை. தட்டையான ஒரே நிறம். ஆனால் அதையும் எழுத்தின்மேல் மட்டும் ஒரு துண்டு மெரூனை ஒட்டி மறைக்கப் பார்ப்பார்கள். ஜேபெக்கில் தட்டை நிறமும் புள்ளிக்குப் புள்ளி கொஞ்சம் மாறித்தான் இருக்கும். ஒட்டிய துண்டின் விளிம்பு அச்சில் கோடாகத் தெரியும். பட்டையின் முழு அகலத்துக்கும், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை புதுப் பட்டையையே வரைந்துவிட வேண்டும். நிறத்தை எடுக்கும்போது ஒரு புள்ளியை நம்பாமல், ஐட்ராப்பரை `5 by 5 Average` என்று வைத்து எடுத்தால் சரியான மெரூன் கிடைக்கும்.

வானம்தான் ஆளைத் தின்னும். பார்வைக்கு வெறும் நிறம். இது என்ன பெரிய வேலை என்று தோன்றும். கோபுரத்தில் கை தவறினால் சிற்பங்களுக்கு நடுவே மறைந்துவிடும். வெறும் வானத்தில் ஒரு திட்டுகூட மறையாது. சிவப்பு எழுத்தை `Select > Color Range` வைத்துத் தேர்ந்தெடுத்து, அப்படியே டெலீட் அடித்து நிரப்பச் சொன்னால், எழுத்தின் வெள்ளை ஓரம் மிஞ்சும், அதைச் சுற்றிய அழுக்கு மிஞ்சும். நிரப்புகிற கருவியும் அந்த அழுக்கைத்தான் நல்ல வானம் என்று நம்பி உள்ளே இழுத்துக்கொண்டு வரும். எழுத்து இருந்த இடம் லேசான இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் காரணம் இதுதான். வெள்ளை ஓரத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பிறகு `Select > Modify > Expand` போய் 8 பிக்ஸல் தள்ளி விரிக்க வேண்டும். 2, 3 என்று கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. 8 என்பது நான் ஆசைக்குச் சொல்கிற எண் இல்லை. ஜேபெக் கட்டத்தின் அளவு அது. நிழல் விழுகிற பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் எழுத்துக்கு என்று தனியாகச் சில தொந்தரவுகள் உண்டு. ண, ஞ, ஐ என்று சுழி சுழியாகப் போகிற எழுத்துகளுக்குள்ளே தீவுபோலக் கொஞ்சம் வானம் அகப்பட்டிருக்கும். அது நல்ல வானம்தானே என்று விட்டுவிடுவார்கள். நாலு பக்கமும் சிவப்பு சூழ்ந்த அந்தத் துண்டில் நல்ல பிக்ஸல் ஒன்றுகூட இருக்காது. அதையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி இன்னொன்று. எழுத்தோடு ஒட்டாமல் தனியே நிற்பதால் தேர்வில் தப்பிவிடும். எல்லாம் சுத்தமான வானத்தில் திடீரென ஒரு சிவப்புப் பொட்டு நின்றால் அது எந்த ‘ம்’மிலிருந்தோ விழுந்தது.

போட்டோஷாப்பில் கன்டென்ட் அவேர் ஃபில் 2010லேயே வந்துவிட்டது. “அதை அமுக்கினால் தானாகப் போய்விடும் என்கிறார்களே” என்று வாடிக்கையாளர்களே எனக்குச் சொல்லித் தருகிறார்கள். அந்தக் கருவி வேறு இடத்திலிருந்து துண்டுகளை எடுத்து வந்து பொருத்துகிறது. புல், மணல், இலை, கருங்கல் சுவர் மாதிரி இடங்களில் அருமையாகச் செய்யும். நிறம் மேலிருந்து கீழாக மெல்ல மாறுகிற வானத்தில் ஒரு கை உயரம் மேலே இருந்த துண்டைக் கீழே கொண்டுவந்து வைத்தால் நிறம் ஒட்டாது. திட்டுத் திட்டாக நிற்கும். இன்னொரு சங்கடம், ஒரு எழுத்தை எடுக்கும்போது பக்கத்து எழுத்தையே நல்ல துண்டு என்று எடுத்து வந்து வைத்துவிடும். ‘கொ’வை எடுத்தால் அந்த இடத்தில் ‘டை’யின் வால் முளைக்கும். அதனால் ஒவ்வொரு எழுத்தாக எடுக்காமல் எல்லாவற்றையும் ஒரே தேர்வில் சேர்த்து எடுக்க வேண்டும். புது வெர்ஷன்களில் `Edit > Content-Aware Fill` திறந்தால், எங்கிருந்து எடுக்கலாம் என்பதைப் பச்சை நிறத்தில் காட்டும். எழுத்து, கோபுரம் எல்லாவற்றின்மேலும் உள்ள பச்சையைத் துடைத்துவிட்டு, அதே உயரத்தில் உள்ள வெறும் வானத்தில் மட்டும் பச்சையை விட்டுவைக்க வேண்டும்.

இந்த மாதிரி நேராக மேலிருந்து கீழே நிறம் மாறுகிற வானத்துக்கு நான் அந்தக் கருவியைத் தொடுவதே இல்லை. படத்தின் ஓரத்தில் எழுத்தே படாத இடத்தில், வானத்தின் முழு உயரத்துக்கு, இருபது பிக்ஸல் அகலத்தில் ஒரு கீற்றைத் தேர்ந்தெடுத்து, தனி லேயராக்கி, `Ctrl+T` அடித்து, உயரம் மாறாமல் மறு ஓரம் வரை பக்கவாட்டில் மட்டும் இழுத்துவிடுகிறேன். ஒவ்வொரு உயரத்திலும் அந்த உயரத்துக்கு உரிய நிறமே பரவிவிடும். இழுத்ததும் கிடைமட்டமாகக் கோடுகள் தெரியும்; லேசாகக் காஷியன் பிளர் கொடுத்தால் கரைந்துவிடும். கோபுரத்தின் விளிம்பில் மட்டும் மாஸ்க் போட்டு ஒதுக்க வேண்டும். முடிந்தது என்று அங்கேயே எழுந்துவிடக் கூடாது. இவ்வளவு வழவழப்பான வானம் அச்சில் படிப்படியாக வரிகளாகப் பிரியும். பக்கத்தில் இருக்கிற பழைய வானத்தின் மணல்தன்மையோடும் ஒட்டாது. `Filter > Noise > Add Noise` போய் ஒன்றோ இரண்டோ சதவீதம் கொடுத்தால் இரண்டும் தீரும். சூரியனைச் சுற்றி வட்டமாக நிறம் மாறுகிற வானமாக இருந்தால் இந்த வழி செல்லாது. அதற்கு நாலைந்து இடத்தில் நிறத்தை எடுத்துக்கொண்டு வட்ட கிரேடியன்டை முழுவதும் புதிதாகப் போடுவதுதான் நல்லது.

அடுத்தது கோபுரத்தின் குறுக்கே போன கறுப்புப் பட்டை. இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. எழுத்து அடியில் இருந்ததை விழுங்கிவிடும். பாதி தெரிகிற பட்டையும் நிழலும் அப்படி விழுங்குவதில்லை, இருட்டாக்க மட்டும்தான் செய்யும். அடியில் கோபுரம் இன்னும் இருக்கிறது. எவ்வளவு இருட்டாக்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தால் திருப்பிக் கொண்டுவரலாம். பட்டையின் விளிம்பில் ஒரே சுவர் உள்ளேயும் வெளியேயும் தொடர்கிற இடத்தில் இரண்டு பக்கமும் அளந்து பார்த்தேன். வெளியே 200, உள்ளே 80. அதாவது வெளிச்சத்தில் 0.4 பங்குதான் மிஞ்சியிருக்கிறது; 60 சதவீதக் கறுப்புப் பட்டை. பட்டை இருந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து `Levels` திறந்து, வலது ஓரத்தில் உள்ள 255ஐ 102 ஆக்கினால், 80 மறுபடி 200 ஆகிவிடும். 255இல் 0.4 பங்கு 102; கணக்கு அவ்வளவுதான்.

அமுக்கியதும் கோபுரம் எழுந்து வந்தது. பக்கத்தில் நின்ற கமிட்டித் தம்பி கையைத் தட்டினான். எனக்குத்தான் வயிறு கலங்கியது. வெளிச்சத்தை இரண்டரை மடங்காக்கியபோது ஜேபெக்கின் அழுக்கும் இரண்டரை மடங்காகிவிட்டது. கோபுரத்தின் நடுப்பகுதி முழுக்கக் கட்டம் கட்டமாக நிற்கிறது. மேலேயும் கீழேயும் உள்ள பகுதியோடு ஒட்டவே இல்லை. பெயர்கள் இருந்த இடங்களோ வெள்ளை வெளேரென்று அப்படியே. ஒவ்வொரு பெயருக்கு அடியிலும் ஒரு சிற்பத்தின் முகமோ கையோ போயிருக்கிறது. குளோன் ஸ்டாம்ப் எடுத்து, இடப்பக்கத்துச் சிற்பத்திலிருந்து `Alt` அடித்து எடுத்து வலப்பக்கம் வைக்கலாம். கோபுரம் இரண்டு பக்கமும் ஒத்திருப்பதால் ஒரு பாதியைத் திருப்பிப்போட்டு மறு பாதியை நிரப்பவும் செய்யலாம். பெயர்கள் நடுவிலேயே வந்திருப்பதால் இரண்டு பாதியிலும் ஒரே இடம் போயிருக்கிறது. திருப்பிப்போட நல்ல பாதி எங்கே?

இதைப் போட்டு மல்லாடிக்கொண்டிருந்தபோது கேட்டேன்: “தம்பி, இந்தக் கோயில் எங்கே இருக்கு?”

“நம்ம ஊர்லதான் அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டுலருந்து இறங்குனாத் தெரியுமே.”

என் ஆதங்கம் முழுக்க இந்த ஒரு பதிலில் இருக்கிறது. கோபுரம் ஊரில் நிற்கிறது. அவனுடைய கையில் இருக்கிற போனில் 4000க்கு 3000 பிக்ஸலில் படம் எடுக்கலாம். அதை விட்டுவிட்டு, எழுத்தால் மூடி, கறுப்புப் பட்டையால் இருட்டாக்கி, வாட்ஸப்பில் நாலு தடவை நசுங்கிய ஒரு கோபுரத்தை நான் உட்கார்ந்து சிற்பம் சிற்பமாக வரைந்துகொண்டிருக்கிறேன். காலையில் வெயில் ஏறுமுன் போய், அதே பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்து, போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொன்னேன். டாக்குமென்டாக அனுப்பினால் கோப்பு சுருங்காமல் அப்படியே வரும். மறுநாள் படம் வந்தது. பழைய கோபுரத்தை முழுவதும் தூக்கிவிட்டு இதை வெட்டி வைத்தேன்.

புது எழுத்தோடு வேலை முடிந்ததும் நான் கட்டாயம் பார்க்கிற சோதனைகள் சில உண்டு. படத்தை 100 சதவீதத்தில் வைத்துப் பார்ப்பேன். திரைக்குள் முழுசாக அடங்குகிற மாதிரி சுருக்கி வைத்துப் பார்த்தால் எல்லாப் படமும் சுத்தமாகத்தான் தெரியும். எல்லா லேயருக்கும் மேலே ஒரு `Curves` லேயர் போட்டு, கோட்டை மிகச் செங்குத்தாக இழுத்துவிடுவேன். நிறங்கள் அலங்கோலமாகும், அந்த அலங்கோலத்தில் பழைய எழுத்தின் தடம் எங்கேயாவது மிச்சமிருந்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். நீலச் சேனலை மட்டும் தனியாகத் திறந்தும் பார்ப்பேன். ஜேபெக் அழுக்கு அதிகம் பதுங்குவது அங்கேதான். இதில் தப்பித்ததுதான் அச்சுக்குப் போக வேண்டும். அளவைப் பெரிதாக்குவதும் இதற்குப் பிறகுதான். முதலிலேயே பத்தடிக்கு விரித்துவிட்டுச் சுத்தம் செய்தால், ஒன்றரை சென்டிமீட்டர் அழுக்குகளை ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டியிருக்கும்.

என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். மீம் போடுவதில் கெட்டிக்காரன். அவனும் இதே தலைவலியோடுதான் வந்தான். வடிவேலு சுத்தியலுக்கு அடியில் தலையைக் கொடுத்த படம். ‘ஃபிரண்ட்ஸ்’ 2001இல் வந்த படம்; 2019 மே மாதம் அந்தப் படத்து நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்ததாக இணையத்தில் ஓடியபோது அந்தக் காட்சியின்மேல் ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். இவனுக்குக் கிடைத்த படத்தில் யாரோ எழுதிய வசனம் முகத்துக்குப் பக்கத்தில், அதற்கு மேல் ஒரு மீம் பக்கத்தின் பேர், மூலையில் இன்னொரு பக்கத்தின் முத்திரை. “மாமா, இதை எப்படி அழிக்க?” என்றான். “அழிக்காதே மருமகனே, படத்துக்கே போ” என்றேன். சினிமாக் காட்சிக்கு எழுத்தில்லாத மூலம் எப்போதும் இருக்கிறது. படத்தை VLCயில் ஓடவிட்டு, காட்சி வருகிற இடத்தில் நிறுத்தி, `E` எழுத்தை அமுக்கினால் ஒவ்வொரு சட்டமாக நகரும். கை கால் அசைவில் மங்காமல் முகம் தெளிவாக நிற்கிற சட்டம் வந்ததும் `Shift+S` அமுக்கினால் அந்தச் சட்டம் படமாகச் சேர்ந்துவிடும். மூன்றாம் கை படத்தில் முகத்தைத் தேய்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதே இல்லை. முகத்தின்மேல் எழுத்து ஏறிய படத்தை எந்தக் கருவியாலும் நம்பும்படி சரிசெய்ய முடியாது. வானம் கொஞ்சம் மாறினால் ஒருவருக்கும் தெரியாது. வடிவேலுவின் புருவம் ஒரு நூல் மாறினால் தமிழ்நாட்டில் தெரியாதவர் யார்?

சினிமாவுக்கு மூலம் எங்கேயோ இருக்கிறது. ஊர்க் கொடை போஸ்டருக்கு, காதணி விழா ஃப்ளெக்ஸுக்கு, நினைவஞ்சலிக்கு மூலம் ஒரே ஒரு கடையின் கம்ப்யூட்டரில்தான். அந்தக் கடைக்காரர்களிடம்தான், என்னைப் போன்றவர்களிடம்தான், என் வழக்கு மிச்சம் இருக்கிறது. லேயரோடு கோப்பைக் கொடுத்துவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த வருடம் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே என்று பயப்படுகிறோம். பயம் நியாயம்தான், டிசைன் நம் உழைப்பு. அந்தக் கோப்பைக் கொடுக்கவே வேண்டாம். எல்லா எழுத்து லேயரின் கண்ணையும் மூடிவிட்டு, பின்னணியை மட்டும் ஒரு ஜேபெக்காக, தரம் 10க்குக் குறையாமல், அச்சடித்த அளவிலேயே தனியாகச் சேமித்துக் கொடுங்கள். பத்தடிக்கு எட்டடி, 72இல் போட்ட வேலை என்றால் அது 8640க்கு 6912 பிக்ஸல் இருக்கும்; அதையும் டாக்குமென்டாகவே அனுப்புங்கள். அதில் பேரும் இருக்காது, தேதியும் இருக்காது. அடுத்த வருடம் அது எந்தக் கடைக்குப் போனாலும் அங்கே இருக்கிறவன் கோபுரத்தின் சிற்பங்களைத் தேய்த்து வரைய வேண்டியிருக்காது.

வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃப்ளெக்ஸுக்குக் காசு கொடுக்கும்போதே “எழுத்து இல்லாத படம் ஒண்ணு தாங்க” என்று கேட்டு வாங்குங்கள். வாங்கியதைக் கமிட்டிக் கணக்கு நோட்டு இருக்கிற வீட்டில் ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். அதைக் கொண்டு வந்தால் தேதியையும் பேரையும் மட்டும் மாற்ற நானும் பத்து நிமிடம்தான் கேட்பேன்.